பிணைக் கையெழுத்துக் கேட்ட தம்பிக்கு



போன கிழமை ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு நாலைந்து பட்ச் பிந்தியவன். இப்போது நியமனம் கிடைத்து மூன்று வருடம். வளவு இருக்கிறது, வீடு கட்ட வேண்டும், வங்கியில் கடன் சரியாகிவிட்டது, இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை வேண்டும். "சேர், நீங்க ஒரு ஆள். மற்ற ஆளப் பாத்துட்டன்" என்றான். தேத்தண்ணி குடித்தான், போனான். நாங்கள் உடனே ஆம் என்று சொல்லவில்லை. அவன் முகம் கொஞ்சம் வாடிப் போனது தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்பதை அவனுக்கு மட்டும் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் இந்த நிலையில் இருக்கிற ஆசிரியர் குடும்பங்கள் கொஞ்சமில்லை.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் ஆரம்பப் பிரிவு, மற்றவர் விஞ்ஞானம். ஆரம்பப் பிரிவுக்காரருக்குத் தொழில் பிடிக்கும். விஞ்ஞானக்காரருக்கு அது வெறுத்துப்போய் வருடம் ஏழாகிறது. பிள்ளைகளை வெறுக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வெறுத்தது வேறு. ஆய்வுகூடத் திறப்பு ஓர் அலுமாரியிலும், அலுமாரித் திறப்பு இன்னொருவர் பையிலும் இருக்கும். வாரத்தில் பாதிப் பாடவேளை படிவம் நிரப்புவதில் போகும். கணினி தெரிந்த ஆள் என்று பெயர் எடுத்துவிட்டால் தொலைந்தது, அலுவலகத்துக்குப் போகிற எல்லாத் தரவும் அவர் தலையில்தான். கூட்டத்தில் ஒரு தடவை வாய் திறந்து கேட்டதற்கு அடுத்த வருட நேரசூசியில் பதில் வந்தது. தரம் 6 முதல் 9 வரை சம்பந்தமில்லாத இரண்டு பாடங்கள். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததற்குக் காரணம் பொறுமை என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. வீட்டுக் கடன்.

வீட்டின் கதை உங்களுக்குத் தெரிந்த கதைதான். நம்ம பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாமாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள், மூத்தவருக்குக் கட்டிக் கொடுத்ததிலேயே மனிதர் ஓய்ந்துவிட்டார். எங்களுக்கு வளவை மட்டும் நன்கொடை உறுதியாக எழுதித் தந்தார். "வீட்ட நாங்களே கட்டுவம் மாமா" என்று பெரிய மனதோடு சொன்னோம். சொல்வது லேசு.

வட்டிக்கா எடுத்தீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆம். வட்டியில்லாத முறையிலும் போய்க் கேட்டோம். அவர்கள் கேட்ட முற்பணம் எங்களிடம் இருக்கவில்லை. அது நியாயமா என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை, தௌபா மட்டும்தான் இருக்கிறது. அதை ஒரு வாதமாக்க இங்கே எழுதவில்லை.

2019 ஜூலையில் கடன் கைக்கு வந்தது. 15 இலட்சம், 20 வருடம், வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 16,516 ரூபாய். சம்பளத்தில் நேரடியாக வெட்டிவிடுவார்கள். அது நல்லது என்று அப்போது நினைத்தோம். கையில் வராத காசுக்கு ஆசை வராதல்லவா.

ஒரு விடயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதல் மாதம் கட்டிய 16,516 இல் 15,000 வட்டி. கடனில் குறைந்தது 1,516 ரூபாய். கணக்கு வாத்தியார் இல்லாமலே விளங்குகிற கணக்கு இது: 15 இலட்சத்துக்கு மாதம் ஒரு சதவீதம் என்றால் 15,000. அடுத்த மாதம் மீதிக் கடனுக்கு வட்டி. அது கொஞ்சம் குறையும், முதல் கொஞ்சம் கூடும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு கொஞ்சம் என்பது மூன்று வருடம் கழித்து விளங்கியது. 36 தவணை கட்டினோம். மொத்தம் 5 இலட்சத்து 94 ஆயிரம். கடனில் குறைந்தது 65 ஆயிரம். மீதி 14 இலட்சத்து 34 ஆயிரம்.

இது மோசடி இல்லை. மாதம் ஒரே தவணையாகக் கட்டுகிற எந்த வீட்டுக் கடனும் இப்படித்தான் ஓடும், ஆரம்ப வருடங்களில் வட்டியும் கடைசி வருடங்களில் முதலும். ஆனால் "மூணு வருசம் கட்டிட்டம், இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சா முடிஞ்சிடும், அதுக்குப் பிறகு வேலைய விட்டுடலாம்" என்று நாங்கள் மனதில் போட்டிருந்த கணக்கு முழுக்கப் பிழை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது தெரிய வந்ததும் தானாக இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது ஞாபகமிருக்கும். நாங்கள் அந்த நாட்களில் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், வட்டி பற்றி யார் பார்த்தது. ஜூலையில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கடன் மாறும் வட்டிக் கடன். இனி 18 சதவீதம். தவணை 22,605.

ஓடினோம் வங்கிக்கு. தவணையைக் கூட்ட வேண்டாம், காலத்தை நீட்டித் தாருங்கள், 25 வருடமானாலும் பரவாயில்லை என்றோம். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். ஒன்றும் பேசாமல் கல்குலேட்டரைத் தட்டி எங்கள் பக்கம் திருப்பினார். 21,520. மீதிக் கடனுக்கு அந்த மாத வட்டி மட்டும் அவ்வளவு. நாங்கள் கட்டிவந்த 16,516 வட்டிக்கே ஐயாயிரம் பற்றாது. அந்தத் தவணையிலேயே நின்றால் கடன் குறையாது, மாதாமாதம் வளரும். 25 வருடம் இல்லை, 100 வருடம் தந்தாலும் முடியாது.

வீட்டுக்கு வந்து பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சீமெந்துப் பை அப்போது மூவாயிரத்தை எட்டிக்கொண்டிருந்த காலம், பூச்சு வேலை என்ற பேச்சே இல்லை. கூடுதலாக வெட்டுப்பட்ட ஆறாயிரம் எங்கிருந்து வந்தது என்றால், பிள்ளையின் மாலை வகுப்பிலிருந்தும் உம்மாவுக்குக் கொடுக்கிறதிலிருந்தும் வந்தது. உம்மா கேட்கவில்லை. அது இன்னும் குத்துகிறது.

அதே மாதங்களில்தான் கதவு ஒன்று திறந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரைக்கும் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று 14/2022 சுற்றுநிருபம் வந்தது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை. ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் போய்விடும், இதில் போகாது. கூடப் படித்த ஒருவர் மாலைதீவில் இருந்தார். விஞ்ஞானத்துக்கு ஆள் தேடுகிறார்கள், வா என்றார். பிடிக்காத பாடசாலையிலிருந்து ஐந்து வருடம் விடுதலை, கூடவே நல்ல சம்பளம். நாங்கள் துணிப்பை வாங்கவில்லை, அவ்வளவுதான், மற்றெல்லாம் மனதில் அடுக்கியாகிவிட்டது.

தடை எங்கே வந்தது தெரியுமா? சம்பளம் நின்றால் சம்பள வெட்டும் நின்றுவிடும். அப்போது தவணையை நாங்களே கட்ட வேண்டும். வங்கி அதற்கு ஒரு நிலையான கட்டளையும், இரண்டு பிணையாளிகளின் புதிய சம்மதக் கடிதமும் கேட்டது.

ஒரு பிணையாளி பிரதேச சபையில் வேலை செய்கிற காக்கா. அவர் பார்க்காமலே கையெழுத்து வைத்தார். மற்றவர் எங்கள் பட்ச். ஒரே விடுதியில், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்த ஆள். அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவிக்கு மூன்றாவது பிள்ளை ஆறாம் மாதம். கடிதத்தை வாசித்தார். "போறண்டாப் போ மச்சான், நான் வெக்கிறன்" என்றார். பேனையையும் எடுத்துவிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஆனா ஒண்டு சொல்றன். நீ போன்ல சொன்ன நாளையில இருந்து நான் தூங்கல்ல. அங்க உனக்கு ஒண்டு நடந்தா, ரெண்டு மாசம் காசு வராம போனா, என்ட சம்பளத்துல வெட்டுவானுகள். என்டயும் கடன் ஓடுது."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மை. பிணை என்பது எங்களைப் பற்றிய நற்சான்று இல்லை. நாங்கள் கட்டாவிட்டால் அவர் கட்டுவார் என்ற உடன்படிக்கை. எங்கள் கடன் அவருடைய பெயரிலும் கிறிப் அறிக்கையில் பிணையாகக் கிடக்கும், அவர் வேறு கடன் கேட்கப் போனால் அதையும் பார்ப்பார்கள். கையெழுத்து வாங்கிய 2019 இல் இதையெல்லாம் நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது. கடையில் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, "இதில ஒண்டு, இதில ஒண்டு" என்று விரலைக் காட்டித்தான் வாங்கினோம்.

ஆக, நாங்கள் அந்தப் பாடசாலையில் இருப்பதற்குக் காரணம் தவணை மட்டும் இல்லை. அந்தத் தவணைக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பத்தின் சம்பளம் கட்டப்பட்டிருந்தது.

கடனைப் பற்றிய பயம் நம்மவர்களுக்கு வேறு மாதிரியும் வரும். ஜனாஸாவைக் கொண்டுபோய் வைத்ததும் ஒருவர் எழுந்து சொல்வார், மையித்துக்கு யாரும் கடன் கொடுத்திருந்தால் குடும்பத்தாரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று. அந்த வருடம் எத்தனையோ ஜனாஸாவில் நின்றோம். அந்த இடம் வரும்போது எங்களுக்குக் கால் கூசும். 14 இலட்சம். இன்றைக்குப் போனால் யார் எழுந்து நிற்பது?

அந்தக் கூச்சம்தான் ஒரு நல்ல காரியம் செய்வித்தது. கடன் கோப்பை முதன்முதலாக முழுக்க வாசித்தோம். கடன் எடுக்கும்போது ஒரு காப்புறுதியும் எடுக்க வைத்தார்கள், அதற்குக் காசும் கட்டியிருந்தோம். கடனாளி இறந்தால் மீதிக் கடனைக் காப்புறுதி கட்டும். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, அதில் ஒருவருடைய பெயர் மட்டும்தான் இருந்தது. சம்பளம் வெட்டுப்படுகிறவர். மற்றவர் இறந்தால் காப்புறுதியில் ஒன்றும் வராது. இரண்டாவது இன்னும் நுணுக்கம். காப்புறுதித் தொகை வருடாவருடம் குறைந்துகொண்டு போகும், அதற்கு ஓர் அட்டவணை இணைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணை போட்டது 12 சதவீதக் கணக்கில். வட்டி ஏறி எங்கள் கடன் மெதுவாகக் குறைந்தபோதும் அட்டவணை பழைய வேகத்திலேயே குறைந்தது. அதாவது காப்புறுதி கட்டுகிற தொகைக்கும் உண்மையான மீதிக்கும் இடையில் ஒரு பள்ளம் விழுந்துகொண்டிருந்தது. பெரிய பள்ளம் இல்லை. ஆனால் இருப்பது தெரியாமல் இருந்தோம். அதை ஒரு தாளில் எழுதி, வாரிசுக்கு விளங்கும்படி, உறுதிப் பிரதியோடு வைத்திருக்கிறோம். தம்பி, உன்னுடைய கோப்பிலும் அந்த அட்டவணை எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும், பார்.

இடமாற்றம் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டோம். ஒரு சின்ன விடயம் பயமுறுத்தியது. எங்கள் உறவில் ஒரு தாத்தா வலயம் மாறிப் போனார். பழைய வலயத்தில் சம்பளம் நின்று, புதிய வலயத்தில் தொடங்கி, வெட்டச் சொல்கிற கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் சம்பளம் அவருடைய கைக்கு முழுதாக வந்தது, மனிசி சந்தோசமாகச் செலவழித்துவிட்டார். வங்கியில் அது நிலுவை, மேலதிக வட்டி, பிணையாளிகளுக்குக் கடிதம். இடமாற்றம் கிடைத்தால் அந்த இடைப்பட்ட மாதங்களில் தவணையைக் கையால் கொண்டுபோய்க் கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்தால் போதும், இதுதான் விடயம். ஆனால் பயந்துபோன ஆளுக்கு இவ்வளவு சின்ன வழியும் கண்ணில் படாது. விண்ணப்பப் படிவத்தை இரண்டு வருடம் நிரப்பி நிரப்பி வைத்துவிட்டோம்.

2023 நடுப்பகுதியில் இருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. செய்தியில் சொன்னார்கள். எங்கள் தவணை இறங்கவில்லை. ஏறும்போது கடிதம் வீட்டுக்கு வந்தது. இறங்கும்போது நாங்கள் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அது தெரியாமல் ஒரு வருடம் போலச் சும்மா கட்டினோம். 2024 நடுவில் எழுத்தில் கேட்டோம், ஒரு மாதம் அலைந்தோம், 13 சதவீதம் என்று முடிவாயிற்று. அப்போதைய மீதி 14 இலட்சத்து 3 ஆயிரம். ஐந்து வருடத்தில் கட்டியது 11 இலட்சத்து 37 ஆயிரம், கடன் குறைந்தது ஓர் இலட்சம்கூட இல்லை. இந்த வரியை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

வங்கி புதிய தவணையைப் போட்டுத் தந்தது. 17,759. கிட்டத்தட்ட ஐயாயிரம் மிச்சம். அன்றிரவு எங்கள் வீட்டில் சண்டை. ஒருவர், பிள்ளையின் வகுப்பை மறுபடி தொடங்குவோம், சுவரைப் பூசுவோம் என்றார். மற்றவர், வேலையை வெறுத்தவர், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். தவணையைக் குறைக்காமல் 22,605 ஐயே கட்டினால் என்ன நடக்கும்? இன்னும் 15 வருடம் இருக்கிற கடன் எட்டு வருடம் எட்டு மாதத்தில் முடிகிறது. 2039 இல்லை, 2033.

இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆறு வருடத்துக்கு மேல். மாதம் 4,846 ரூபாய்க்கு. காரணம் மேலே சொன்னதுதான், கூடுதலாகக் கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் வட்டிக்குப் போகாமல் நேரே முதலில் போய் விழுகிறது. அந்த வருடம் அரச ஊழியர் கொடுப்பனவில் 10,000 கூட்டியிருந்தார்கள், அதனால் பிள்ளையின் வகுப்பும் தப்பியது. சுவர் தப்பவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் "எப்ப பூசுற?" என்று கேட்பதை நிறுத்தவில்லை.

ஒன்று கவனம். எங்கள் வங்கி தவணையைத்தான் குறைத்தது, காலத்தைக் குறைக்கவில்லை. "பழைய தவணையையே வெட்டுங்கள், காலத்தைச் சுருக்குங்கள்" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் வெட்டு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு முதல் மாதம் 17,759 தான் வெட்டப்பட்டிருந்தது. மறுபடி போனோம்.

வேலை பிடித்துவிட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் காலை ஆறரைக்கு அந்த பஸ்ஸில் ஏறும்போது வயிற்றில் ஒரு கல் இருக்கிறது. ஆனால் போன வருடம் இடமாற்றப் படிவத்தை வைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்கு முதல் மூன்று மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தோம், வலயம் மாறுகிற இடைவெளிக்கு. 67,815 ரூபாய், சேர்க்க பதினொரு மாதம் எடுத்தது. அந்தக் கணக்குப் புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கிற பழக்கம் எங்களில் ஒருவருக்கு வந்துவிட்டது, யார் என்று சொல்ல மாட்டோம். கடந்த மாதம் ஊழியர் கூட்டத்தில் ஆய்வுகூடத் திறப்பைப் பற்றி மறுபடி கேட்கப்பட்டது. கேட்டவர் யார் என்றும் சொல்ல மாட்டோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த நேரசூசியில் வரலாம்.

பட்ச் நண்பரிடமும் போனோம். மூன்றாவது பிள்ளை இப்போது ஓடித்திரிகிறான். 2033 தாளைக் காட்டினோம். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இத போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டு போனில் எடுத்துக்கொண்டார்.

தம்பி, உனக்குப் பதில் இதுதான். கையெழுத்து வைப்போம், இன்ஷா அல்லாஹ். ஆனால் நீ கொண்டுவந்த படிவத்தில் கையெழுத்து இடம் மட்டும்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வா, வரும்போது வங்கி தந்த சலுகைக் கடிதத்தை முழுதாகக் கொண்டு வா. வட்டி நிலையானதா மாறுவதா, மாறினால் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை, காப்புறுதியில் யார் பெயர், முதல் மாதத் தவணையில் முதல் எவ்வளவு, இந்த நாலையும் மேசையில் வைத்து நாம் மூன்று பேரும் வாசிப்போம். பாத்தும்மாவையும் கூட்டி வா, வளவு அவளுடைய பெயரில்தானே. கல்குலேட்டர் எங்களிடம் இருக்கிறது.